ஏடிஎம்மில் வந்த கள்ள நோட்டு: ஊருக்குப் போகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டிய ரசீது

வெளிநாட்டிலிருந்து தமிழ்நாட்டில் போய் இறங்கிய மறுநாள் ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்கிறீர்கள். 500 ரூபாய்த் தாள் இருபது. கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கவரில் போட்டு அம்மா கையில் கொடுக்கிறீர்கள். நாலு நாள் கழித்து மளிகைக் கடையில் ஒரு தாளைத் திருப்பித் தருகிறார்கள். அது ஏடிஎம்மில்தான் வந்தது என்று காட்ட இப்போது உங்களிடம் எதுவும் இல்லை. ஏடிஎம் சீட்டில் தேதி, நேரம், தொகை, இயந்திரத்தின் எண் எல்லாம் இருக்கும். நோட்டின் எண் மட்டும் இருக்காது.

அதனால் பணத்தை ஏடிஎம் அறையிலேயே பார்த்துவிட வேண்டும். 500 ரூபாய்த் தாளுக்கு இரண்டு சோதனை போதும். தாளைச் சாய்த்தால் நடுவில் ஓடும் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும். வலது பக்கக் கீழ் மூலையில் ரூபாய்க் குறியோடு இருக்கும் 500-ம் அப்படியே மாறும். பிறகு இடது, வலது ஓரங்களில் விரலை ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் ஐந்தைந்து சாய்கோடுகள் மேடாகத் தட்டுப்படும். துவைத்துப்போன நல்ல நோட்டில் மேடு தேய்ந்திருக்கலாம். ஆனால் சாய்த்தும் இழையின் நிறம் மாறவில்லை என்றால் சந்தேகப்படலாம்.

சந்தேகம் வந்தால் அறையைவிட்டு வெளியே வராதீர்கள். அந்தத் தாளின் இரண்டு பக்கத்தையும் கேமராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டுங்கள். நோட்டு எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி கைபேசியில் படம் எடுங்கள். இயந்திரத்தின் மேல் எந்த வங்கிப் பெயர் இருக்கிறதோ அதையும், ஒட்டியிருக்கும் ஏடிஎம் எண்ணையும் படம் எடுங்கள். காவலாளி இருந்தால் அவரிடம் காட்டி, பதிவேடு இருந்தால் நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். சீட்டை அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அட்டை வைத்திருப்பவர்கள் குறுஞ்செய்தியை நம்பி இருக்க முடியாது. நீங்கள் வாழும் நாட்டு வங்கியில், கேட்ட தொகை உங்கள் கைக்கு வந்துவிட்டதாகத்தான் பதிவாகியிருக்கும். முறையிட வேண்டிய இடம் அந்த ஏடிஎம்மை வைத்திருக்கும் வங்கி.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த சிக்கல் தொடங்கும். "ராத்திரி பெட்ரோல் பங்கில் தள்ளிவிடுப்பா, கூட்டத்தில் யார் பார்க்கப் போறா" என்று சித்தப்பா சொல்வார். உங்கள் 500 ரூபாய் போகக் கூடாதே என்ற அக்கறையில்தான் சொல்வார். ஆனாலும் கேட்காதீர்கள். கள்ள நோட்டு என்று தெரிந்தே நல்ல நோட்டுபோலச் செலவழிப்பது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 179-ஆவது பிரிவில் குற்றம். பத்தாண்டுச் சிறை, ஆயுள் தண்டனை வரை போகும். அந்தத் தாளை அம்மாவிடமோ தம்பியிடமோ விட்டுவிட்டுப் புறப்படவும் வேண்டாம். நாம் விமானம் ஏறிவிடுவோம். அதே கடைக்காரர் முகத்தில் நாளைக்கும் விழிக்கப் போவது அவர்கள்தான்.

கையில் வைத்திருப்பதற்காகப் பயப்படவும் வேண்டாம். 180-ஆவது பிரிவு தண்டிப்பது, கள்ள நோட்டு என்று தெரிந்தும் அதை நல்ல நோட்டாகப் பயன்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருப்பவரை. முறையான வழியில் வந்தது என்று நிறுவினால் அது குற்றமாகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஏடிஎம் அறையில் எடுத்த படமும் சீட்டும் அதற்குத்தான்.

இனி வங்கிக் கிளை. பயணத்தில் ஒரு முழுக் காலைப்பொழுதை இங்கே இழப்பீர்கள், அதற்குத் தயாராகப் போங்கள். ஏடிஎம் எந்த வங்கியுடையதோ அதன் கிளைக்கே போங்கள். கடவுச்சீட்டு, அதன் நகல், ஏடிஎம் சீட்டு, ஒரே புகார்க் கடிதத்தின் இரண்டு பிரதிகள் கையில் இருக்கட்டும். கடிதத்தில் ஏடிஎம் எண், தேதி, நேரம், எடுத்த தொகை, நோட்டின் எண் இந்த ஐந்தும் இருந்தால் போதும். நோட்டைக் கொடுப்பதற்கு முன்பே கடிதத்தைக் கொடுத்து, ஒரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள்.

கவுன்ட்டரில் நோட்டை இயந்திரத்தில் போட்டுப் பார்ப்பார்கள். நல்ல நோட்டு என்றால் விஷயம் முடிந்தது. கள்ள நோட்டு என்றால் பல இடங்களில் கேஷியர் குரலைத் தாழ்த்தி, "எதுக்கு சார் வம்பு, எடுத்துட்டுப் போயிடுங்க" என்று கையிலேயே திருப்பித் தருவார். வாங்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி அதை உங்களிடம் திருப்பித் தரவோ கிழித்துப்போடவோ கிளைக்கு உரிமை இல்லை. நோட்டின் மேல் 5 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலமுள்ள கள்ள நோட்டு முத்திரையைக் குத்திப் பறிமுதல் செய்து, தனிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் வங்கியே கள்ள நோட்டைப் புழக்கத்தில் விட்டதாகக் கருதப்பட்டு அபராதம் வரும். இதைக் கேஷியரிடம் சொல்லி வாதாடுவதைவிட மேலாளர் அறைக்குப் போய் அமைதியாகச் சொல்வது வேலைக்கு ஆகும்.

முத்திரை குத்திய கையோடு ஒப்புகை ரசீது தர வேண்டும். இதுதான் பெரும்பாலும் விடுபட்டுப்போவது. "புத்தகம் இல்லை, அப்புறம் வாங்க" என்பார்கள். அது இல்லாமல் நோட்டைப் பறிகொடுத்துவிட்டு வந்தால் எந்தப் பதிலும் கேட்க முடியாது. அந்த ரசீதில் வரிசை எண், கிளையின் பெயர், தேதி, உங்கள் பெயரும் முகவரியும், நோட்டின் எண், மதிப்பு, எதை வைத்துக் கள்ள நோட்டு என்று முடிவு செய்தார்கள் என்பது, கேஷியரின் கையெழுத்து, உங்கள் கையெழுத்து எல்லாம் இருக்கும். நோட்டு எண்ணை உங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் கையெழுத்திட மறுத்தாலும் ரசீது தந்தே ஆக வேண்டும் என்பதும் விதி.

பறிமுதலான நோட்டுக்கு ஈடாகக் கணக்கில் வரவு வைக்க மாட்டார்கள். 500 ரூபாயைத் திரும்பக் கேட்க இருக்கும் ஒரே வழி, முத்திரை வாங்கிய அந்தப் புகார்க் கடிதம். ஏடிஎம்மில் வைக்கும் நோட்டுகளை முன்கூட்டியே இயந்திரத்தில் சரிபார்க்க வேண்டியது வங்கியின் கடமை; ஏடிஎம் வழியே கள்ள நோட்டு வந்தால் அதை வங்கி புழக்கத்தில் விட முயன்றதாகவே ரிசர்வ் வங்கி எடுத்துக்கொள்ளும். கடிதத்தில் இந்த வரியையும் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்துவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் பதியலாம். அதற்குள் நீங்கள் திரும்பிப் போயிருப்பீர்கள் என்பதால் ரசீது, கடிதம், ஏடிஎம் சீட்டு மூன்றையும் படமாக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம் சீட்டின் அச்சு சில மாதத்தில் மங்கிவிடும்.

வாடகை பாக்கி, வீட்டுச் சாமான் விற்ற பணம் என்று மனிதர்கள் கையிலிருந்து வாங்கும்போது கணக்கு வேறு. வங்கியில் ஒரே தடவையில் கட்டிய பணத்தில் நாலு கள்ள நோட்டு வரை இருந்தால், வங்கி மாதக் கடைசியில் மற்றவற்றோடு சேர்த்துக் காவல்துறைக்கு அறிக்கை அனுப்பும். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். கொடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். மூன்று நாளில் விமானம் இருக்கிறது என்பதை அங்கே யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆகவே பெரிய தொகை என்றால் கொடுப்பவரையே வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர் கையாலேயே உங்கள் என்ஆர்ஓ கணக்கில் கட்டச் சொல்லுங்கள். அப்போது நோட்டை நீட்டியவராக ரசீதில் அவர் பெயர்தான் ஏறும். நிலம், வீட்டுக்கான முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது, அப்படி வாங்கச் சொல்லி உறவினரே கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

ரசீதில் முகவரி எழுதும்போது ஊர் முகவரியை மட்டும் எழுதாதீர்கள். பின்னால் காவல் நிலையத்திலிருந்து கேள்வி வந்தால் வயதான அப்பாதான் போய் நிற்க வேண்டியிருக்கும். உங்கள் வெளிநாட்டு முகவரியையும் மின்னஞ்சலையும் புகார்க் கடிதத்திலும் சேர்த்து எழுதுங்கள்.