கிரியேட்டினின்: ஜாஃபேயும் என்சைமும், புதியவர்கள் விழும் குழிகளும்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் சிறிய லேப்களுக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். பிபெட்டில் குமிழி, காலாவதியான ரீஏஜென்ட், ரத்தம் உடைந்த சாம்பிள் இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அவை கண்ணுக்குத் தெரியும், ஒரு மாதத்தில் கை பழகிவிடும். கண்ணுக்குத் தெரியாத தவறுகள்தான் நோயாளியைப் பாதிக்கின்றன.

முதலில் இரண்டு முறைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1886-இல் மாக்ஸ் ஜாஃபே கண்டதன் மேல் எழுந்தது ஜாஃபே முறை. காரம் கலந்த பிக்ரிக் அமிலத்தோடு கிரியேட்டினின் சேர்ந்தால் ஆரஞ்சு சிவப்பு நிறம் வரும். அந்த நிறம் ஏறும் வேகத்தை 500 நானோமீட்டரை ஒட்டிப் படிக்கிறோம். மலிவானது, செமி ஆட்டோ அனலைசரிலேயே ஓடும். அதனால்தான் சின்ன ஊர்களில் இன்னும் இதுதான் ராஜா. சிக்கல் என்னவென்றால், பிக்ரிக் அமிலம் கிரியேட்டினினோடு மட்டும் நிற்பதில்லை. புரதம், குளுக்கோஸ், கீட்டோன் என்று வேறு பலவற்றோடும் நிறம் கொடுக்கும்.

என்சைம் முறையில் கிரியேட்டினினேஸ் முதலில் கிரியேட்டினினைக் கிரியேட்டினாக மாற்றுகிறது. கிரியேட்டினேஸ் அதைச் சார்கோசினாக உடைக்கிறது. சார்கோசின் ஆக்ஸிடேஸ் அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்க, கடைசியில் பெராக்சிடேஸ் அதை நிறமாக்குகிறது. முதல் படிகள் ஆள் பார்த்துத்தான் சேரும். கடைசிப் படி அப்படியில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

"ரிப்பீட்டிலும் அதேதான் வந்தது" என்று ரிப்போர்ட் கொடுப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருகிற தவறு இது. ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை இரவில் கொண்டு வந்தார்கள். முதல் வகைச் சர்க்கரை நோய், நாலைந்து நாளாக இன்சுலின் போடவில்லை. மூச்சு வேகமாக இறைக்கிறது, வாந்தி. சர்க்கரை 512. சிறுநீர் ஸ்டிரிப்பில் கீட்டோன் கருஞ்சிவப்பாக மாறிவிட்டது. கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 3.1 மில்லிகிராம். யூரியா 44.

பணியில் இருந்த பையன் கவனமானவன்தான். 3.1 என்றதும் திரும்பப் போட்டான், 3.1. கன்ட்ரோல் ஓட்டினான், சரியாக வந்தது. சாம்பிளைச் சலைனில் பாதியாக்கிப் போட்டு இரண்டால் பெருக்கினான், அதுவும் ஏறக்குறைய அங்கேயே வந்து நின்றது. "அக்கா, மூணு விதமா பாத்துட்டேன், நிஜம்தான்" என்று போனில் சொன்னான். ரிப்போர்ட் அதற்கு முன்பே வார்டுக்குப் போய்விட்டது.

தராசுத் தட்டின் அடியில் கல் ஒட்டியிருந்தால் எத்தனை தடவை நிறுத்தாலும் அதே எடைதான் காட்டும். அந்தச் சாம்பிளில் ஒட்டியிருந்த கல் அசிட்டோஅசிட்டேட். கீட்டோன் ஏறிய ரத்தத்தில் இருக்கும் இந்தப் பொருள் பிக்ரேட்டோடு சேர்ந்து கிரியேட்டினின் போலவே நிறம் தருகிறது. ரிப்பீட் செய்தாலும் அது அதே ரத்தத்தில்தான் இருக்கிறது. டைல்யூட் செய்தால் கிரியேட்டினினோடு அதுவும் சேர்ந்தே பாதியாகிறது, ஆகவே பெருக்கினால் பழைய எண்ணே திரும்பி வரும். கன்ட்ரோல் சீரத்தில் அசிட்டோஅசிட்டேட் கிடையாது, அது சரியாக வராமல் என்ன செய்யும்? மூன்று பரிசோதனையும் கருவி ஒழுங்காக ஓடுகிறது என்று மட்டும்தான் சொல்லின. படித்தது கிரியேட்டினின்தானா என்ற கேள்விக்கு அவற்றில் ஒன்றிலும் பதில் இல்லை.

இதற்கு என்ன விலை ஆயிற்று என்று பாருங்கள். 3.1 என்ற எண்ணைப் பார்த்து, சிறுநீரகம் போய்விட்டது என்று பயந்து சலைனின் வேகத்தைக் குறைத்தார்கள். பொட்டாசியம் கொடுக்க யோசித்தார்கள். கீட்டோஅசிடோசிஸில் உயிரைப் பிடித்து நிறுத்துவதே திரவமும், இன்சுலினும், நேரம் பார்த்துக் கொடுக்கும் பொட்டாசியமும்தான். கடைசியில் டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று எழுதி, பனிமூட்டத்தில் மேட்டுப்பாளையம் பாதையில் ஆம்புலன்சை இறக்கினார்கள். கோவையில் என்சைம் முறையில் பார்த்தபோது 1.2. நடுவில் சலைன் ஓடியிருக்கிறதே, அதனால் குறைந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். முதல் குழாயில் மிச்சமிருந்த சீரம் ஃபிரிட்ஜில் இருந்தது. அதையும் அங்கே அனுப்பினேன். 1.3 வந்தது. ஆக, நாங்கள் கொடுத்த எண்ணில் பாதிக்கு மேல் கிரியேட்டினினே இல்லை.

துப்பு அன்றிரவே மேஜை மேல் இருந்தது. ஒன்று, யூரியா. கிரியேட்டினின் நிஜமாகவே 3.1 வரை ஏறியிருந்தால், அதுவும் வாந்தியெடுத்து வற்றிப்போன உடம்பில், யூரியா 44-இல் நிற்பது அபூர்வம். இரண்டாவது துப்பு இன்னும் நேரடியானது. சிறுநீர் ஸ்டிரிப்பின் கீட்டோன் கட்டத்தில் இருப்பது நைட்ரோபுருசைடு. அது முக்கியமாகப் படிப்பது அசிட்டோஅசிட்டேட்டைத்தான். பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டை அது பார்க்காது. ஜாஃபேயைக் கெடுப்பதும் அசிட்டோஅசிட்டேட்தான், பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் கெடுப்பதில்லை. அதாவது ஸ்டிரிப் கருஞ்சிவப்பாகும்போது, உங்கள் கிரியேட்டினினைக் கெடுக்கும் பொருளையே அது நேரில் காட்டிக் கொடுக்கிறது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இன்சுலின் ஓடத் தொடங்கியதும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் அசிட்டோஅசிட்டேட்டாக மாறிக் கழியும். நோயாளி தேறிவரும் நேரத்தில்கூட ஜாஃபே கிரியேட்டினின் இறங்காமல் நிற்கலாம். அதைப் பார்த்துச் சிகிச்சை பலிக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அதற்காகக் கீட்டோன் இருந்தாலே ஏறிய கிரியேட்டினின் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. இந்த நோயாளிகள் நீர் வற்றி வருகிறவர்கள், சிறுநீரகம் நிஜமாகவே தடுமாறியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கும் 1.3 என்பது அவள் வயதுக்குச் சற்று அதிகம்தான். எங்கள் லேபில் இப்போது நடைமுறை இதுதான்: கீட்டோன் பலமாக இருந்தால் ஜாஃபே எண்ணைத் தனியாக அனுப்புவதில்லை. 'கீட்டோன் குறுக்கீட்டால் பொய்யாக உயர்ந்திருக்கலாம், யூரியாவோடும் சிறுநீர் அளவோடும் சேர்த்துப் பார்க்கவும்' என்று எழுதி, வார்டுக்குப் போனிலும் சொல்லிவிடுகிறோம். ஒரு மில்லிலிட்டர் சீரம் பிரித்துக் குளிரில் வைத்து என்சைம் முறை உள்ள லேபுக்கு அனுப்புகிறோம். நோயாளியை மலையிறக்கும் முன் குழாயை இறக்கலாம்.

டிலே நேரத்தை நீங்களாக மாற்றுவது

கைனெட்டிக் ஜாஃபேயில் கலந்தவுடன் படிப்பதில்லை. அசிட்டோஅசிட்டேட் போன்றவை முதல் இருபது வினாடிக்குள் பெரும்பாலும் வேகமாக வினைபுரிந்துவிடும். புரதங்கள் மெதுவாக, எண்பது நூறு வினாடிக்குப் பிறகு கைவரிசை காட்டும். நடுவில் இருக்கும் இடைவெளியில் படிப்பதுதான் உத்தி. கிட் தயாரிப்பாளர் கொடுத்த நேரம் இந்தக் கணக்கில் வந்தது. கீட்டோன் அதிகமிருந்தால் இந்த உத்தியும் முழுதாகக் காப்பாற்றாது என்பதை மேலே பார்த்தோம். டிலேயைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் கை வைக்கிறார்கள். கேலிபிரேஷன் பழைய நேரத்தில் இருக்க, சாம்பிள் புது நேரத்தில் ஓடினால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

மலையில் இதோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது. இந்த இடைவெளிக் கணக்கு வினை நடக்கும் வெப்பநிலையை நம்பி இருக்கிறது. உதகையில் உறைபனி விழும் காலையில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரீஏஜென்டை உடனே கலந்து 37 டிகிரி ஃப்ளோ செல்லுக்குள் இழுத்தால், படிக்கத் தொடங்கும்போது திரவம் இன்னும் சூடேறிக்கொண்டே இருக்கும். முதல் வினாடிகளில் முடிந்திருக்க வேண்டிய வினை மெதுவாகி, படிக்கும் நேரத்துக்குள் வழிந்து வரும். மதியம் போட்ட ஸ்டாண்டர்டை வைத்துக் காலைச் சாம்பிளைக் கணக்கிட்டால் பிழை இன்னும் பெரிதாகும். ரீஏஜென்டை இன்குபேட்டரில் சூடாக்கி எடுங்கள், ஸ்டாண்டர்டையும் அதே நிலையில் ஓட்டுங்கள்.

மஞ்சள் காமாலைச் சாம்பிளில் இயல்பான எண்ணை நம்புவது

பிலிரூபின் ஜாஃபேயில் எண்ணைக் குறைத்துக் காட்டும். காரத்தில் அது ஆக்ஸிஜனேற்றமாகி, படிக்கும் அலைநீளத்தில் நிறம் இறங்கிக்கொண்டே போகும். கிரியேட்டினின் ஏற்றும் நிறத்தில் ஒரு பகுதியை அது கழித்துவிடும். ஈரல் கெட்டு மஞ்சளான நோயாளிக்கு 0.9 வந்தால் நிம்மதி அடையாதீர்கள்.

பச்சிளங்குழந்தைக்கு ஜாஃபே

வேண்டாம். என்சைம் முறைக்கு அனுப்புங்கள்.

ஆன்டிபயாடிக் மேல் மொத்தமாகப் பழி போடுவது

ஜாஃபேயில் பெரிதாக ஏற்றிக் காட்டுவது செஃபாக்சிடின், செஃபலோதின் போன்ற சில. எல்லா செஃபலோஸ்போரினும் அல்ல.

என்சைம் முறை வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருப்பது

கடைசிப் படியில் பெராக்சைடை நிறமாக்குகிறோம் என்றேன். அங்கே பெராக்சைடைப் பிடுங்கிக்கொள்ளும் மருந்து ரத்தத்தில் இருந்தால் நிறம் வராது, கிரியேட்டினின் பொய்யாகக் குறையும். நம் ஊரில் இதில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது எதாம்சிலேட், ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஊசி. கால்சியம் டோபெசிலேட், பாராசிட்டமால் அதிகம் விழுங்கியவர்களுக்கு ஏற்றும் அசிட்டைல்சிஸ்டீன், டோபமின், டோபுடமின் ஆகியவையும் இதே வேலை செய்யும். கடைசி இரண்டும் ஓடும் லைனிலிருந்தே ரத்தம் எடுத்தால் பாதிப்பு மிக அதிகம்.

அதிக உதிரப்போக்கோடு வந்த ஒரு பெண்ணுக்கு என்சைம் முறையில் 0.2 வந்தது. ஒல்லியான உடம்பு, தசை குறைவு என்று விட்டுவிடப் பார்த்தார்கள். ஆனால் அதே குழாயில் யூரிக் அமிலமும் டிரைகிளிசரைடும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. மூன்றும் முடிவில் பெராக்சிடேஸ் வினையைத்தான் நம்பி இருப்பவை. மூன்றும் ஒன்றாக விழுந்தால் மருந்துச் சீட்டைக் கேளுங்கள். எதாம்சிலேட் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்று தெரிந்தது. அதே சீரத்தை ஜாஃபேயில் ஓட்டியபோது 0.8. இந்த மருந்துகள் ஜாஃபேயை அந்த அளவுக்குக் கெடுப்பதில்லை. எனவே புதுக் கருவி வந்ததும் பழைய ஜாஃபே கிட்டைத் தூக்கி எறிய வேண்டாம். அது இல்லாத இடத்தில், அடுத்த டோஸ் போடுவதற்கு முன்பாக ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் முறையின் பெயரை விடுவது

உங்களிடம் 1.3, கோவையில் 1.1. முறையின் பெயர் இல்லாவிட்டால், சிறுநீரகம் தேறிவிட்டது என்று டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டுவார். ஒரே நோயாளியை மாதாமாதம் தொடர்ந்து பார்க்கும்போது ஒரே லேப், ஒரே முறை. மாற்ற வேண்டி வந்தால் ஒரே சாம்பிளை ஒருமுறை இரண்டிலும் போட்டு, இரண்டு எண்ணையும் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.