இரண்டடுக்குத் தலைப்புள்ள அட்டவணையைக் காதில் விழும்படி வாக்கியமாக்குவது எப்படி?

ஒரு நூலகத்தின் நேர அட்டவணையை எடுத்துக்கொள்வோம். மேலே இரண்டு பெரிய தலைப்புகள்: வேலை நாள், வார இறுதி. ஒவ்வொன்றுக்கும் கீழே காலை, மாலை என்று இரண்டு சிறு தலைப்புகள். இடப்பக்கம் மூன்று பிரிவுகள்: நூல் வழங்கும் பிரிவு, வாசிப்பு அறை, குழந்தைகள் பிரிவு. சில கட்டங்களில் நேரம், சிலவற்றில் வெறும் கோடு, இரண்டு இடங்களில் நட்சத்திரக் குறி. வாசிப்பு அறைக்கு வேலை நாளின் காலையும் மாலையும் ஒன்றாக இணைக்கப்பட்டு ‘8–8’ என்று இருக்கிறது. கண்ணால் பார்ப்பவருக்கு இது ஐந்து நொடி வேலை.

இதையே, பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளில் கேட்டால் என்ன வரும்? அது மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாக வாசிக்கும். நூல் வழங்கும் பிரிவின் வரிசைக்கு வரும்போது ‘ஒன்பது பன்னிரண்டு, நான்கு ஏழு, ஒன்பது பன்னிரண்டு’ என்று எண்கள் மட்டும் வரலாம். எது காலை, எது வார இறுதி என்பதைக் கேட்பவர்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் நகரும்போது தலைப்பைச் சொல்லும் வசதி உண்டு. NVDA என்ற ஸ்கிரீன் ரீடரில் அதற்கு Ctrl + Alt + அம்புக்குறி விசைகள். ஆனால் தலைப்பு இரண்டு அடுக்காக இருந்து, கட்டங்களும் இணைக்கப்பட்டிருந்தால், சிறு தலைப்பு மட்டும் கேட்டுப் பெரிய தலைப்பு விட்டுப்போவது நடக்கும். நீண்ட கோடும் நட்சத்திரமும் குறியீடுகளுக்கான அமைப்பைப் பொறுத்துச் சத்தமே இல்லாமல் கடந்துபோகலாம்.

சரி, வேலையைத் தொடங்குவோம்.

முதலில் கேள்வியைப் பிடியுங்கள். இந்த அட்டவணையைத் தேடி வருபவர் என்ன தெரிந்துகொள்ள வருகிறார்? ‘வாசிப்பு அறை எப்போது திறந்திருக்கும்?’ என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. அப்படியானால் பிரிவின் பெயர் தலைப்பாக வர வேண்டும். நாளும் நேரமும் அதன் கீழே போக வேண்டும். ‘ஞாயிறு காலை என்னென்ன திறந்திருக்கும்?’ என்பதே முக்கியக் கேள்வி என்றால் எல்லாம் தலைகீழாகும்: நாள் தலைப்பு, பிரிவுகள் கீழே. இரண்டுக்கும் பொதுவாக எழுத முயன்றால் யாருக்கும் உதவாத ஒரு பட்டியல்தான் கிடைக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, அட்டவணை சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடியுங்கள். இந்த வேலையில் அதிக நேரம் இதற்குத்தான் போகும், போகவும் வேண்டும். நம் அட்டவணையில் சந்தேகத்துக்குரிய இடங்கள் மூன்று.

இணைந்த கட்டத்தில் உள்ள ‘8–8’ என்பது காலை 8 முதல் இரவு 8 வரை இடைவேளை இல்லாமல் திறந்திருக்கும் என்று சொல்கிறதா? அட்டவணை தயாரித்தவரைக் கேட்டேன், ஆம் என்றார். நட்சத்திரத்துக்கு அடிக்குறிப்பில் ‘சனி மட்டும்’ என்று இருந்தது. அதாவது ‘வார இறுதி’ என்ற தலைப்பு உண்மையில் ஒரே பொருள் தரவில்லை. அந்த இரண்டு பிரிவுகளுக்கு சனியும் ஞாயிறும் வேறு வேறு.

கோடுகள்தான் என்னை ஏமாற்றப் பார்த்தன. நூல் வழங்கும் பிரிவுக்கு வார இறுதி மாலையில் கோடு, குழந்தைகள் பிரிவுக்கு வேலை நாள் காலையில் கோடு. இரண்டும் ‘மூடல்’ என்றுதான் எழுத இருந்தேன். விசாரித்தால், முதல் கோடு மூடல்தான்; இரண்டாவது, ‘முன்பதிவு செய்த பள்ளிக் குழுக்களுக்கு மட்டும்’. ஒரே குறி, இரண்டு பொருள். வாக்கியமாக்கும்போது கோட்டைக் கோடாகவே விட முடியாது, ஏதாவது ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல்லை நாமாக ஊகித்தால் தவறான தகவலைத் தெளிவான தமிழில் கொடுத்தவர்கள் ஆவோம்.

இப்போது ஒரே ஒரு வரிசையை எழுதிப் பாருங்கள். கடினமான வரிசையை எடுங்கள். இங்கே அது வாசிப்பு அறை.

```html
<h3>வாசிப்பு அறை</h3>
<ul>
  <li>திங்கள் முதல் வெள்ளி வரை: காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, இடைவேளை இல்லாமல் திறந்திருக்கும்.</li>
  <li>சனி: காலை 9 மணி முதல் 12 மணி வரையும், மாலை 3 மணி முதல் 6 மணி வரையும் திறந்திருக்கும்.</li>
  <li>ஞாயிறு: காலை 9 மணி முதல் 12 மணி வரை திறந்திருக்கும். மாலையில் மூடியிருக்கும்.</li>
</ul>
```

ஒவ்வொரு வரியும் நாளில் தொடங்குகிறது. கேட்பவர் தனக்கு வேண்டாத நாள் என்றால் முதல் சொல்லிலேயே அடுத்த வரிக்குத் தாவிவிடலாம். நேரத்தை முதலில் சொல்லி நாளைக் கடைசியில் வைத்தால் முழு வரியையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ‘8–8’ என்பதை ‘காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை’ என்று விரித்ததற்குக் காரணம் வேறு; கோடு காதில் விழும் என்று நம்ப முடியாது. தலைப்பை `h3` ஆக வைத்ததால் H விசையை அழுத்திப் பிரிவு பிரிவாகத் தாவலாம். `ul` இருப்பதால், பட்டியலில் மூன்று உருப்படிகள் என்று முன்கூட்டியே சொல்லப்படும்.

மற்ற வரிசைகளையும் அதே அச்சில் வார்த்தெடுங்கள். அதே வரிசைமுறை, அதே வினைச்சொற்கள். ஓரிடத்தில் ‘திறந்திருக்கும்’, இன்னோரிடத்தில் ‘செயல்படும்’ என்று அழகுக்காக மாற்றினால், இரண்டும் வேறு பொருளோ என்று கேட்பவர் நின்று யோசிப்பார்.

நான் ஆரம்பத்தில் செய்த தவறு ஒன்று உண்டு. சுருக்கமாக இருக்கட்டும் என்று குழந்தைகள் பிரிவின் கீழே ‘சனி, ஞாயிறு: மேலே சொன்னபடி’ என்று எழுதியிருந்தேன். பார்வையற்ற நண்பர் ஒருவர் கேட்டுப் பார்த்தார். அவர் தலைப்பு வழியாக நேராகக் குழந்தைகள் பிரிவுக்குத் தாவியிருந்தார். “மேலேன்னா எது மேலே?” என்றார். அவர் அந்த ‘மேலே’ வழியாக வரவே இல்லையே! அதிலிருந்து ‘மேற்கண்ட’, ‘அதே நேரம்’, ‘இடப்பக்கம்’ எதையும் நான் எழுதுவதில்லை. நேரங்கள் திரும்பத் திரும்ப வந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு பிரிவும் தனியாக நிற்க வேண்டும்.

கடைசியில் எண்ணிப் பாருங்கள். அட்டவணையில் 3 வரிசை, 4 நெடுவரிசை. இணைந்த கட்டத்தை இரண்டாகக் கொண்டால் 12 இடங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் வாக்கியங்களில் பதில் இருக்கிறதா என்று டிக் செய்துகொண்டே வாருங்கள். வெற்று இடங்கள்தான் வழக்கமாக விடுபடும். அப்புறம், அட்டவணையைப் பார்க்காத ஒருவரிடம் வாக்கியங்களை மட்டும் கொடுத்து அட்டவணையைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.

எல்லா அட்டவணையையும் இப்படி உடைக்கத் தேவையில்லை. ஒரே அடுக்குத் தலைப்பு, இணைப்பில்லாத கட்டங்கள், நிறைய எண்கள் என்றால் தலைப்புக் கட்டங்களுக்கு `th`-உம் `scope`-உம் சரியாகக் கொடுத்து அட்டவணையாகவே விடுங்கள். ஒரு நெடுவரிசையில் மட்டும் மேலும் கீழும் நகர்ந்து எண்களை ஒப்பிடுவது ஸ்கிரீன் ரீடரில் நன்றாகவே முடியும். ஐம்பது வாக்கியங்களில் அது முடியாது.

நம் நூலக அட்டவணையைப் பொறுத்தவரை, வாக்கியங்களை முதலிலும் அட்டவணையை அதன் கீழேயும் வைத்தேன். இரண்டும் எல்லோர் கண்ணிலும் படும்படியே இருக்கின்றன. வாக்கியங்களை ஸ்கிரீன் ரீடருக்கு மட்டும் தெரிவதுபோல் மறைத்து வைத்தால், நேரம் மாறும்போது அட்டவணையைத் திருத்துபவர் அவற்றைத் திருத்த மறந்துவிடுவார்.