வின் டு நில் விலையைப் பெருக்கிப் பார்க்காதீர்கள்

உதைபந்தாட்டப் பந்தயத்தில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. ஓர் அணி வெல்லும் என்பதற்கு விலை 1.95, அதாவது வென்றால் ஒரு ரூபாய்க்கு 1.95 ரூபாய் திரும்பும். அதே அணி கோல் வாங்காது, அதாவது கிளீன் ஷீட், என்பதற்கு 2.72. அப்படியென்றால் கோல் வாங்காமல் வெல்வதற்கு, அதாவது வின் டு நில்லுக்கு, இரண்டையும் பெருக்கி 5.30 வரவேண்டும் என்று எண்ணுகிறார்கள். பந்தய நிலையத்தில் 3.40 தான் கிடைக்கும் என்றதும் ஏமாற்றுகிறார்கள் என்று கோபம் வருகிறது. உண்மையில் 3.40 சரியான விலைதான்.

பெருக்கக் கூடாததற்குக் காரணம், வெற்றியும் கிளீன் ஷீட்டும் ஒன்றையொன்று சாராத நிகழ்வுகள் அல்ல. கோல் வாங்காத அணிக்கு வெல்ல ஒரேயொரு கோல் போதும். அதனால் வின் டு நில்லுக்குக் கிளீன் ஷீட் வாய்ப்போடு பெருக்கவேண்டியது வெற்றி வாய்ப்பை அல்ல, அந்த அணி குறைந்தது ஒரு கோலாவது போடும் வாய்ப்பை.

மேலே சொன்ன விலைகள் வந்த ஆட்டத்தையே எடுப்போம். சொந்த மைதான அணியிடம் 1.6 கோலும் எதிரணியிடம் 1 கோலும் சராசரியாக எதிர்பார்க்கிறோம். சராசரியிலிருந்து ஒவ்வொரு கோல் எண்ணிக்கைக்குமான வாய்ப்பைத் தரும் பொய்சோன் பரம்பலில் போட்டால், எதிரணி கோலே போடாமல் இருக்க 36.8 சதவீத வாய்ப்பு. சொந்த அணி ஒரு கோலாவது போட 79.8 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 29.4 சதவீதம். 100ஐ அதனால் வகுத்தால் நியாய விலை சுமார் 3.40. கிளீன் ஷீட்டின் 36.8இல் மிச்சமுள்ள 7.4 சதவீதம் 0-0 சமநிலை.

இந்த மூன்றின் உறவை மனதில் வைத்தாலே போதும்: கிளீன் ஷீட் என்பது வின் டு நில்லும் 0-0வும் சேர்ந்தது. இதை வைத்து விலைகளைச் சோதிக்கலாம். ஓரிடத்தில் கிளீன் ஷீட் 2.60, வின் டு நில் 3.25, சரியான ஸ்கோர் 0-0க்கு 11 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1ஐ 3.25ஆலும் 11ஆலும் வகுத்துக் கூட்டினால் 0.399. 1ஐ அதனால் வகுத்தால் 2.51. பணத்தை இரண்டாகப் பிரித்துப் போடுபவருக்குக் கிடைப்பது அந்த 2.51 தான், கிளீன் ஷீட்டை நேரடியாக எடுத்தால் 2.60. வேறிடத்தில் வின் டு நில் 3.40, 0-0க்கு 13 என்றிருந்தால் கணக்கு 2.70 ஆகிறது. அந்த 2.60ஐவிட அங்கே பிரிப்பதுதான் மேல்: 1000 ரூபாயில் 793ஐ வின் டு நில்லிலும் 207ஐ 0-0விலும் போட்டால், எது வந்தாலும் சுமார் 2690 ரூபாய் திரும்பும். இன்னொன்று, கிளீன் ஷீட்டும் 'எதிரணி கோல் போடுமா? இல்லை' என்பதும் ஒரே பந்தயம். இரண்டு விலையையும் பார்த்துக் கூடியதை எடுங்கள்.

எந்த அணி முதலில் கோல் போடும் என்ற முதல் கோல் சந்தையில் தவறு வேறு விதம். வின் டு நில் வந்தால் முதல் கோலும் அந்த அணியுடையதாகத்தான் இருக்கும். ஆகவே இரண்டையும் தனித்தனியாக எடுப்பவர் தன் பணத்தைப் பரவலாக்கவில்லை, ஒரே பக்கத்தில் குவிக்கிறார். விலையிலும் கவனம் வேண்டும். நம் ஆட்டத்தில் முதல் கோலுக்கான நியாய விலை 1.76, அது கோலே இல்லை என்பதும் ஒரு தெரிவாக இருக்கும்போது. 0-0 முடிந்தால் பணம் திரும்பும் என்ற விதி இருந்தால் நியாய விலை 1.63 மட்டுமே. முன்னதன் 1.70 மோசமான விலை, பின்னதன் 1.70 நல்ல விலை. விதியைப் பார்க்காமல் இந்த இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. ஓன் கோல் எந்த அணிக்குச் சேரும், மேலதிக நேரம் கணக்கில் வருமா என்பதையும் விதியிலேயே பாருங்கள். பெரும்பாலும் 90 நிமிடமும் உபாதையீடு நேரமும் மட்டுமே.

பொய்சோன் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. 1997இல் டிக்சன், கோல்ஸ் என்ற புள்ளியியலாளர்கள் காட்டியபடி, 0-0வும் 1-1உம் இந்தக் கணக்கு சொல்வதைவிடச் சற்று அதிகமாகவும், 1-0 சற்றுக் குறைவாகவும் வருகின்றன. அதைச் சேர்த்தால் கிளீன் ஷீட் வாய்ப்பு மாறாது, வின் டு நில் வாய்ப்பு மட்டும் கொஞ்சம் இறங்கும். ஆகவே மேலே வந்த 3.40ஐ இம்மியளவும் விலகாத விலையாக எடுக்கவேண்டாம்.

கடைசியாக, அணி விவரம் வெளியாகும் நேரம். குளிர்காலத்தில் இங்கிலாந்தின் பிற்பகல் 3 மணி ஆட்டம் கொழும்பில் இரவு 8.30க்குத் தொடங்கும்; ஆடும் 11 பேரின் பெயர் ஏழரைக்குள் தெரிந்துவிடும். சொந்த அணியின் முக்கிய முன்கள வீரர் இல்லை, அதனால் எதிர்பார்ப்பு 1.6இலிருந்து 1.2க்கு இறங்கியது என்று வையுங்கள். கிளீன் ஷீட் 2.72இலேயே நிற்கும். வின் டு நில் 3.89 ஆகும், முதல் கோல் 1.76இலிருந்து 2.06க்குப் போகும், 0-0 வாய்ப்பு 11 சதவீதத்தைத் தொடும். கோல்காப்பாளரோ நடுப் பின்கள வீரரோ இல்லையென்றால் கிளீன் ஷீட் விலையும் வின் டு நில் விலையும் சேர்ந்தே உயரும், முதல் கோல் விலை அவ்வளவு நகராது. யார் இல்லை என்று பார்த்த பிறகே எந்தச் சந்தை பழைய விலையில் தங்கிவிட்டது என்று தேடவேண்டும்.