ஒரே பதிவின் இரண்டு வடிவங்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூக ஊடகத்தில் மாடித்தோட்டப் பக்கம் தொடங்கிய இருவர் சென்ற மாதம் தங்கள் ஒப்பீட்டு முடிவுகளை என்னிடம் காட்டினார்கள். என் பக்கத்தை 400 பேர் பின்தொடர்ந்த காலத்தில் நான் செய்த அதே பிழைகள் அவற்றில் இருந்தன.

தொடக்கம், நீளம், நேரம் மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. செம்பருத்தியைத் தாக்கும் மாவுப்பூச்சியைப் பற்றி 180 சொற்களில் எழுதி, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வெளியிட்டேன்; 12 பேர் விருப்பம் தெரிவித்தார்கள். பிறகு அதையே 60 சொற்களாகச் சுருக்கி, "உங்கள் செம்பருத்தி மொட்டு விரியாமலே உதிர்கிறதா?" என்ற கேள்வியுடன் தொடங்கி, ஞாயிறு இரவு 8 மணிக்கு வெளியிட்டபோது 31 பேர் விரும்பினார்கள். சுருக்கம்தான் வென்றது என்று முடிவுகட்டி, அடுத்த நான்கு மாதங்கள் எல்லாவற்றையும் 60 சொற்களுக்குள் அடக்கினேன். வேப்பெண்ணெயை எந்த அளவில் கலப்பது என்பது போன்ற விவரங்கள் விடுபட்டன. அவற்றுக்காகவே பதிவுகளைச் சேமித்து வைத்தவர்கள் சேமிப்பதை நிறுத்தினார்கள்.

தொடக்கம், நீளம், நேரம் ஆகிய மூன்றும் மாறியிருக்கையில் வித்தியாசத்தை எதன் கணக்கில் எழுதுவது? பதிவு எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதை அப்போதே பார்த்திருந்தால் ஐயம் எழுந்திருக்கும். செவ்வாயன்று 210 பேர், ஞாயிறன்று 540 பேர். இரண்டிலும் பார்த்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேர்தான் விரும்பியிருக்கிறார்கள். பின்னர் பழைய நீண்ட வடிவத்தை, அதன் பழைய தொடக்கத்துடனேயே, ஒரு ஞாயிறு இரவில் வெளியிட்டேன். 29 விருப்பங்கள் வந்தன. ஒரு முறை பார்த்ததை வைத்து நேரம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சுருக்கத்துக்கு நான் கொடுத்த பெருமை ஆதாரமற்றது என்பது தெளிவாயிற்று.

இப்போது ஒரு சுற்றில் ஒன்றை மட்டுமே மாற்றுகிறேன். தொடக்கத்தைச் சோதிக்கும்போது நீளமும் கிழமையும் மணியும் அப்படியே இருக்கும். இரண்டாம் வடிவத்தை மூன்று வாரங்களாவது கழித்து வெளியிடுகிறேன்; முதல் வடிவத்தைப் படித்தவர்கள் உடனே மீண்டும் அதைக் கண்டால் கடந்துபோய்விடுவார்கள். அடுத்த பதிவில் வரிசையை மாற்றி, கேள்வியுடன் தொடங்கும் வடிவத்தை முதலில் வெளியிடுகிறேன். இப்படி ஆறு பதிவுகளாவது தேவை.

சிறு எண்ணிக்கையை நம்புவது

ஒன்றுக்கு 9 விருப்பம், மற்றொன்றுக்கு 5 என்றால் அது வெற்றியன்று. ஒரு நாணயத்தை 14 முறை சுண்டினால், 9க்கு 5 என்றோ அதைவிடக் கூடுதலாகவோ ஒரு பக்கம் சாய்வது நூறில் 42 தடவை தற்செயலாகவே நிகழும். ஆறு பதிவுகளில் ஐந்திலாவது ஒரே வடிவம் முந்தினால்தான் நான் அதைப் பொருட்படுத்துகிறேன். அதுவும் தற்காலிக முடிவாகத்தான்.

பிறர் பகிர்ந்த பதிவைக் கணக்கில் சேர்ப்பது

பெரிய குழு ஒன்றில் யாரேனும் பகிர்ந்திருந்தால், அந்தச் சோடியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இரண்டு மணி நேரத்தில் தீர்ப்பளிப்பது

ஒவ்வொரு வடிவத்தின் விருப்பங்களையும் அதை வெளியிட்டு 48 மணி நேரம் கழித்தே எண்ணுங்கள்.