தே ஆறும் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு வகைக்கெழுச் சமன்பாடு சொல்லிக்கொடுக்கும்போது மேசையில் ஒரு மங்கு தே ஓ இருக்கும், கூடவே ஒரு வெப்பமானி. கணக்கு இதுதான்: அறை 30 டிகிரி, தே 80 டிகிரி. 5 நிமிடத்தில் தே 70-க்கு இறங்கிவிட்டது. 50 டிகிரிக்கு வர மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

"15 நிமிஷம் சார், 5 நிமிஷத்துக்குப் பத்துப் பத்தா குறையுது" என்று உடனே பதில் வரும். தே அப்படிச் சீராக இறங்காது. அறையோடு உள்ள இடைவெளி குறையக் குறைய, ஆறும் வேகமும் குறையும்:

```
dT/dt = -k(T - A)
```

இதில் T என்பது தேயின் வெப்பநிலை, t நேரம், A அறையின் வெப்பநிலை, k என்பது தே எவ்வளவு வேகமாக ஆறும் என்பதைச் சொல்லும் மாறிலி.

அடுத்து ஒருவர் 70-ஐ 80-ஆல் வகுப்பார். இதுதான் எல்லாரும் விழும் குழி. அந்த விகிதத்திலேயே பெருக்கிக்கொண்டு போனால், தே ஒருநாள் அறையைவிடக் குளிர்ந்து பூஜ்யத்தை நோக்கிப் போய்விடும். வகுக்க வேண்டியது இடைவெளிகளை. தொடக்கத்தில் 50, பிறகு 40, விகிதம் 0.8. ஒவ்வொரு 5 நிமிடத்துக்கும் இடைவெளி 0.8 மடங்காகும்: 40, 32, 25.6, 20.5. அதாவது 20 நிமிடத்தில் தே 50.5 டிகிரியில் நிற்கும். மடக்கை போட்டுப் பார்த்தால் 50 டிகிரிக்குச் சுமார் 20.5 நிமிடம்.

புத்தகத்தில் இருப்பதால் A = 25 என்று போட்டுவிடுவது இன்னொரு தவறு. நம்ம ஊர் மத்தியான வெயிலில், ஏர்கோன் இல்லாத வீட்டில், 25 எங்கே இருக்கிறது? இந்தத் தவறு முதலில் கண்ணில் படாது. அதே 80, 70 அளவீடுகளோடு 25 போட்டால், 50 டிகிரிக்கு 19.6 நிமிடம் என்று வரும். சரியான விடைக்குப் பக்கத்தில்தான். ஆனால் 32 டிகிரிக்கு எப்போது வரும் என்று கேளுங்கள். சரியான கணக்கில் 72 நிமிடம், தவறான கணக்கில் 51. அதனால் தே ஊற்றுவதற்கு முன்பே வெப்பமானியை மேசையருகே தொங்கவிட்டு, அசையாமல் நிற்கும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகப் போட்டும் அளவீடு ஒத்துவரவில்லையா? இடைவெளி விகிதங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். மூடாத மங்கில் 92, 79, 70 என்று இறங்கினால் இடைவெளிகள் 62, 49, 40. விகிதங்கள் 0.79, 0.82 என்று ஏறுகின்றன. கொதிநிலைக்குப் பக்கத்தில் ஆவியாதல் கூடுதலாக வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதே முக்கியக் காரணம். அந்த வெப்ப இழப்பு இடைவெளிக்கு நேர்விகிதத்தில் போவதில்லை. மங்குக்கு மூடி போடுங்கள், அல்லது 70-க்குக் கீழே வந்த பிறகு நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். நடுவில் யாராவது காற்றாடியைத் தட்டிவிட்டால் k மாறிவிடும், அதுவரை எடுத்த எண்களைத் தனியாக வைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.