அந்த ராட்சத வாள் எத்தனை கிலோ? நாமே கணக்குப் போடலாம்

கேம்களிலும் அனிமேகளிலும் நாயகன் பலகை போன்ற வாளை ஒற்றைக் கையில் சுழற்றுவான். அது நிஜ எஃகாக இருந்தால் என்ன எடை வரும்? கால்குலேட்டர் போதும்.

படி 1: கன அளவைக் கண்டுபிடியுங்கள்

வாளின் அலகு, அதாவது கைப்பிடிக்கு மேலுள்ள வெட்டும் பகுதி, 150 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், நடுவில் 2 செ.மீ. தடிமன் என்று வையுங்கள். மூன்றையும் பெருக்கினால் 7,500 கன செ.மீ. விளிம்புகள் கூர்மையாகச் சரிவதால் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 5,000.

படி 2: 7.85-ஆல் பெருக்குங்கள்

ஒரு கன செ.மீ. எஃகு சுமார் 7.85 கிராம். ஆக அலகு மட்டுமே 39 கிலோ! 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றரைக்கும் மேல்.

இப்போது நிஜ வாள். 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கூலிப்படையினர் ஏந்திய இருகை வாளுக்கு, சராசரியாக 120 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 0.45 செ.மீ. தடிமன் என்று போடுங்கள். அதே கணக்கில் அலகு 1.1 கிலோதான் வரும். கைப்பிடி, கையைக் காக்கும் குறுக்குக் காப்பு, பிடியின் கடைசியில் இருக்கும் அடிக்குமிழ் எல்லாம் சேர்த்தாலும் இரண்டு கிலோவைச் சற்றே தாண்டும். போருக்கான இருகை வாள்கள் பெரும்பாலும் 2 முதல் 3.5 கிலோவுக்குள் அடங்கும். அருங்காட்சியகத்தில் அதைவிடக் கனமானதைப் பார்த்தால் அவசரப்படாதீர்கள்; ஊர்வலத்தில் தூக்கிப் போவதற்கென்றே செய்த வாள்களும் உண்டு.

படி 3: எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு சுத்தியலைக் காம்பின் நுனியில் பிடித்து ஆட்டுங்கள். அப்புறம் திருப்பி, தலைப் பக்கம் பிடித்து ஆட்டுங்கள். எடை மாறவில்லை, ஆனால் இரண்டாவது முறை காற்றாக இருக்கும். வாள் செய்பவர்கள் செய்ததும் இதைத்தான். காப்புக்கு அருகே தடித்திருக்கும் அலகை நுனி நோக்கி மெலிய அடிப்பார்கள். அடிக்குமிழும் எடையைப் பின்னே இழுக்கும். அதனால் சமநிலைப் புள்ளி காப்பிலிருந்து சுமார் 10–15 செ.மீ. தள்ளியே விழும். நம் ராட்சத வாளிலோ அது அலகின் நடுப்பகுதிக்குப் போய்விடும். 39 கிலோவை முக்கால் மீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். முதலில் முறிவது மணிக்கட்டுதான்.

இருகை வாளை வெறும் பலத்தால் வீசுவதில்லை. ஒரு கை தள்ள, மறு கை இழுக்கும். ஒரு வீச்சின் வேகம் நிற்காமல் அடுத்த வீச்சுக்குப் போகும். போர்ச்சுகலின் வாள்வீச்சு ஆசான் ஃபிகெய்ரெடோ 1651-இல் எழுதிய பயிற்சி விதிகள் முழுக்க இப்படி ஓடும் வீச்சுகள்தான். குறுகிய தெருவுக்கு ஒன்று, அகன்ற தெருவுக்கு ஒன்று என்று தனித்தனியாகவே இருக்கிறது.

படி 4: திரையில் வரும் பொய்யைப் பிடியுங்கள்

படப்பிடிப்பில் அலுமினிய, ரப்பர் வாள்களும் புழங்குவதால் எடை தெரியாது. உருவும்போது வரும் ‘ஷ்ஷிங்’ பின்னால் சேர்த்தது. மரமும் தோலுமான உறையில் அப்படி ஒலிக்காது.

எனக்குச் சிரிப்பு வருவது முதுகு உறைதான். ஒரு மீட்டர் நீள அளவுகோலை முதுகில் செருகியதுபோல் பிடித்து, தோளுக்கு மேலே இழுத்துப் பாருங்கள். கை முழுதும் நீண்ட பிறகும் மீதி அளவுகோல் உறைக்குள்ளேயே நிற்கும். 120 செ.மீ. அலகுக்குக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் அந்தக் கூலிப்படையினர் இருகை வாளைத் தோளில் சாய்த்துக்கொண்டே நடந்தார்கள்.