மனச்சாய்வுகளை மாணவர்களே கண்டுபிடிக்க வைக்கும் கேள்விகளை எழுதுவது எப்படி?

நம்மை அறியாமலே நம் முடிவுகளை ஒரு பக்கம் சாய்க்கும், காக்னிட்டிவ் பயாஸ் எனப்படும் மனச்சாய்வுகளைப் பற்றி மாணவர்களிடம் பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு போவார்கள். பெயர், விளக்கம், உதாரணம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “இதில் எதெல்லாம் உங்கள் வாழ்க்கையில் நடந்திருக்கிறது?” என்று கேட்பார்கள். வருகிற பதில்களைக் கவனித்துப் பாருங்கள். அண்ணன் செய்தது வரும், தோழி செய்தது வரும், பேசுகிறவர் தானே செய்தது மட்டும் அரிதாகத்தான் வரும்.

அவர்கள் மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எமிலி ப்ரோனின், டேனியல் லின், லீ ராஸ் ஆகிய மூவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் இதையேதான் காட்டினார்கள்: மனச்சாய்வு பிறரிடம் இருப்பது நமக்குத் தெரிகிற அளவுக்கு நம்மிடம் இருப்பது தெரிவதில்லை. ஒரு சாய்வின் விளக்கத்தைப் படித்துக் காட்டிய பிறகும், “என் மதிப்பீடு சரியாகத்தான் இருந்தது” என்றே பலர் சொன்னார்கள். ஆகவே “உன்னிடம் இது இருக்கிறதா?” என்று நேரடியாகக் கேட்டுப் பயனில்லை. முதலில் மாணவர் ஒரு முடிவை எடுக்க வேண்டும். அதன் காரணங்களைத் தானே எழுத வேண்டும். சாய்வின் பெயர் அதற்கு அப்புறம்தான் வர வேண்டும். 45 நிமிடப் பேச்சு ஒன்றுக்கு அப்படிப்பட்ட கேள்விகளை எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

படி 1: இரண்டே சாய்வுகளை எடுங்கள்

பத்துச் சாய்வுகளைச் சொன்னால் மாணவர்கள் பத்துப் பெயர்களை மனப்பாடம் செய்வார்கள், அவ்வளவுதான். நான் பரிந்துரைப்பது இரண்டு. தொடக்கத்தில் விளையாட்டுப் போல நங்கூர விளைவு. பேச்சின் உடலாக மூழ்கிய செலவு.

நங்கூர விளைவு என்பது முதலில் கண்ணில் பட்ட எண்ணையொட்டியே நம் மதிப்பீடு நின்றுவிடுவது. மூழ்கிய செலவு என்பது இனி திரும்ப வராத பணத்தையோ நேரத்தையோ உழைப்பையோ காரணம் காட்டி, ஒன்றை விடாமல் தொடர்வது.

மூழ்கிய செலவை நடுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தனக்குப் பிடித்த சான்றுகளை மட்டும் தேடும் சாய்வைக் கண்டுபிடிக்க, நாம் எதைத் தேடாமல் விட்டோம் என்று தெரிய வேண்டும். ஒரு தொடக்க மாணவருக்கு அது மிகக் கடினம். மூழ்கிய செலவில் அந்தச் சிக்கல் இல்லை. தான் எழுதிய காரணங்களையே ஒவ்வொன்றாகப் பார்த்து, இது முன்னால் பார்க்கிறதா, பின்னால் பார்க்கிறதா என்று கேட்டாலே போதும்.

படி 2: பேச்சைத் தொடங்க ஒரு துண்டுச் சீட்டு

வகுப்பில் பாதிப் பேருக்கு இந்தச் சீட்டு:

```
1 × 2 × 3 × 4 × 5 × 6 × 7 × 8 = ?
```

மீதிப் பேருக்கு இது:

```
8 × 7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1 = ?
```

சீட்டைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். “திருப்புங்கள்” என்றதும் 5 விநாடிக்குள் ஒரு மதிப்பீட்டை எழுத வேண்டும், கணக்கிடக் கூடாது. ஏமோஸ் டுவெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் உள்ள சோதனை இது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் செய்தபோது, ஏறு வரிசையைப் பார்த்தவர்களின் இடைநிலை அளவு 512, இறங்கு வரிசையைப் பார்த்தவர்களுடையது 2,250. சரியான விடை 40,320. முதல் இரண்டு மூன்று பெருக்கல்களைச் செய்து பார்த்துவிட்டு, அங்கிருந்து கொஞ்சம் கூட்டி எழுதியதால் வந்த வித்தியாசம்.

உங்கள் வகுப்பிலும் கூட்டுச் சராசரியை எடுக்காமல் இடைநிலை அளவையே எடுங்கள். ஒரே ஒரு மாணவர் பத்து லட்சம் என்று எழுதினாலும் சராசரி எங்கேயோ போய்விடும். சிறிய வகுப்பில் வித்தியாசம் தலைகீழாக வரவும் வாய்ப்புண்டு. அதனால் முடிவு என்னவாக வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். தலைகீழாக வந்தால் அதையும் அப்படியே பலகையில் எழுதுங்கள். இரு குழுவிலும் பெரும்பாலானோர் 40,320-க்கு எவ்வளவு கீழே நின்றார்கள் என்பதைக் காட்டிப் பேச்சைத் தொடரலாம். சிலருக்கு இந்த விடை பாடத்திலிருந்து ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவர்கள் சீட்டைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இரண்டு சீட்டிலும் விடை ஒன்றே, ஒரே ஒரு விஷயம்தான் மாறியது. அடுத்த கேள்வியும் இதே அமைப்பில்தான் வரப் போகிறது.

படி 3: முக்கியக் கேள்வியைச் செதுக்குவது

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

*“உழைப்பு வீணாகிவிடுமே என்பதற்காக மட்டும் நீ எதையாவது தொடர்ந்திருக்கிறாயா?”*

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ‘வீணாகிவிடுமே என்பதற்காக மட்டும்’ என்று படித்த உடனே மாணவருக்கு எது தவறு என்று தெரிந்துவிடும். இல்லை என்பார், அல்லது உங்களைத் திருப்திப்படுத்த ஆமாம் என்பார். அடுத்த வரைவில் ஒரு சூழலைத் தருகிறோம்:

*“ஒரு பாடத் திட்டப்பணிக்குத் தலைப்பு எடுத்து 3 வாரம் உழைத்துவிட்டாய். இப்போது அதைவிட நல்ல தலைப்பு கிடைக்கிறது. மாறுவாயா?”*

பரவாயில்லை, ஆனால் ஓட்டை இருக்கிறது. மாறமாட்டேன் என்று ஒரு மாணவி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “3 வாரத்தில் பாதி வேலை முடிந்திருக்குமே, மிச்சம் கொஞ்சம்தானே?” என்று அவர் கேட்டால் அது நியாயமான காரணம். அங்கே சாய்வு எதுவும் இல்லை. நாம்தான் கேள்வியில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டோம். ஆசிரியர் கோபிப்பாரோ, நண்பர்கள் கேலி செய்வார்களோ என்ற கவலையும் இதே போன்ற ஓட்டைதான். ஆகவே, இனி வரப் போகிற எல்லாவற்றையும் இரண்டு சீட்டிலும் சமமாக்கி, கடந்ததை மட்டும் மாற்ற வேண்டும்.

*சீட்டு அ: “திட்டப்பணியின் தலைப்பில் 3 வாரம் உழைத்துவிட்டாய். ஒப்படைக்க இன்னும் 7 நாள் இருக்கிறது. இந்தத் தலைப்பை முடிக்க இன்னும் 6 நாள் வேலை உண்டு. இன்று ஒரு புதிய தலைப்பு கிடைத்திருக்கிறது. அதைத் தொடக்கத்திலிருந்து முடிக்க 4 நாள் போதும், உனக்கு ஆர்வமும் அதில்தான் அதிகம். எதை எடுத்தாலும் ஆசிரியருக்குச் சம்மதம், கிடைக்கப் போகிற மதிப்பெண்ணும் ஒன்றே. நீ மாறியது வேறு யாருக்கும் தெரியப் போவதில்லை. எதை எடுப்பாய்? காரணங்களை மூன்று வரியில் எழுது.”*

*சீட்டு ஆ: இதே வாசகம். ‘3 வாரம்’ என்ற இடத்தில் ‘ஒரு மாலை நேரம்’ என்று மட்டும் மாற்றுங்கள்.*

இரண்டு சீட்டிலும் மிச்ச வேலை 6 நாளுக்கு 4 நாள்தான். 3 வாரம் போனதும் ஒரு மாலை போனதும் இனி நடக்கப் போவதை மாற்றவில்லை. ‘அ’ சீட்டுக்காரர்கள் பழைய தலைப்பிலேயே அதிகம் நின்றால், அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று வகுப்பையே கேளுங்கள். மூழ்கிய செலவு என்ற பெயரை இந்த இடத்தில் முதல் முறையாகச் சொல்லலாம்.

ஹால் ஆர்க்ஸும் காதரின் ப்ளூமரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் கேட்டதையும் இங்கே சேர்க்கலாம். 100 டாலருக்கு ஒரு பனிச்சறுக்குப் பயணச் சீட்டு, 50 டாலருக்கு இன்னொன்று, இரண்டும் ஒரே வார இறுதியில் வந்து விழுகின்றன. பணம் திரும்பக் கிடைக்காது, 50 டாலர் பயணம்தான் அதிகம் பிடிக்கும் என்றும் சொல்லப்பட்டது. அப்படியும் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் 100 டாலர் பயணத்தையே எடுத்தார்கள்.

படி 4: அங்கிருந்து அன்றாடத்துக்கு

இப்போதுதான் மாணவர் தன் சொந்த வாழ்க்கைக்கு வர வேண்டும். பழைய கதைகளைக் கேட்காதீர்கள். முடிவு தெரிந்த பிறகு சொல்லும் காரணமும், முடிவெடுத்த நேரத்தில் இருந்த காரணமும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த வாரம் இன்னும் தொடர்ந்துகொண்டிருக்கிற ஒன்றைக் கேளுங்கள்:

1. விட்டுவிடலாமா என்று ஒரு முறையாவது தோன்றியும், இந்த வாரம் நீ தொடர்ந்த ஒன்றை எழுது. படித்துக்கொண்டிருக்கும் புத்தகம், வகுப்பு, விளையாட்டு, தொடர், எதுவானாலும் சரி.
2. தொடர்வதற்கான காரணங்களை ஒரு வரிக்கு ஒன்றாக எழுது.
3. ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்’, ‘ஏற்கெனவே செலவழித்துவிட்டேன்’ என்ற வகையில் பின்னால் பார்க்கும் வரிகளை அடித்துவிடு.
4. மிச்சமிருக்கும் வரிகளை மட்டும் வைத்து, இன்று புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் இதை எடுப்பாயா?

நான்காவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அந்த மாணவர் தோற்றுவிட்டதாகக் காட்டாதீர்கள். 300 பக்க நாவலில் 220-ஆம் பக்கத்தில் நிற்பவர், “முடிவு என்னவென்று தெரிந்துகொள்ள ஆசை” என்று எழுதினால் அது முன்னால் பார்க்கும் காரணம்தான். “220 பக்கம் படித்தது வீண்” என்பது மட்டும்தான் அடிபட வேண்டிய வரி. ஒரே முடிவில் இரண்டு வகைக் காரணமும் கலந்திருக்கும். அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் பயிற்சி.

படி 5: சாய்வே இல்லாத ஒரு கேள்வி

இதை விட்டுவிட்டால் மாணவர்கள் எல்லாவற்றிலும் சாய்வைக் காணத் தொடங்குவார்கள். இதைக் கொடுங்கள்:

*“பேருந்துக்காக ஒருவர் 25 நிமிடமாகக் காத்திருக்கிறார். அரை மணிக்கு ஒரு பேருந்து அந்த வழியே வரும் என்று அவருக்குத் தெரியும். நடந்தால் 20 நிமிடம். அவர் தொடர்ந்து காத்திருக்கிறார். இது மூழ்கிய செலவா?”*

பலர் ஆமாம் என்று கை தூக்குவார்கள். ஆனால் அவர் காத்திருந்த 25 நிமிடமும் ஒரு தகவலைத் தருகிறது: பேருந்து பெரும்பாலும் இன்னும் சில நிமிடத்தில் வந்துவிடும். அது முன்னால் பார்க்கும் காரணம். கால அட்டவணையே இல்லாத, பேருந்து வருமா என்றே தெரியாத இடத்தில் இதே மனிதர் “இவ்வளவு நேரம் நின்றுவிட்டேனே” என்று நின்றால் கதை வேறு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

விளைவு மோசமாக முடிந்ததாலேயே முடிவும் சாய்வுதான் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்: முடிவெடுத்தபோது அவர் கையில் என்ன தகவல் இருந்தது?

படி 6: நேரக் கணக்கு

பெருக்கல் சீட்டுக்கு 7 நிமிடம், திட்டப்பணிச் சீட்டுக்கும் அதன் விவாதத்துக்கும் 15, சொந்தக் காரணங்களை எழுத 10, பேருந்துக் கேள்விக்கு 8, மிச்சம் 5 நிமிடம் மாணவர்களின் கேள்விகளுக்கு. படி 4-இல் எழுதிய தாளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லாதீர்கள். எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும் என்று தெரிந்தால் அடிபட வேண்டிய வரிகளை முதலிலேயே எழுதமாட்டார்கள். தாளைப் பெயர் இல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அடிக்கப்பட்ட வரிகளில் இரண்டு மூன்றை எடுத்து, யாருடையது என்று தெரியாதபடி மாற்றி எழுதி, அடுத்த வகுப்பைத் தொடங்கும் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம்.